ஏழு ஸ்லைட், மூன்று சொல்: ஹட்டனில் ஒரு எட்டு நிமிடப் பேச்சுக்குச் செய்த வேலை

கடந்த வருடம் மே மாதம், மழை தொடங்கிய நாட்களில், ஒரு தாதி என் கடைக்கு வந்தார். இலங்கை மலையக ஊரான ஹட்டனில் நான் தட்டச்சும் அச்சு வடிவமைப்பும் செய்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் திருவிழா பேனர் என்பதுதான் அன்றாட வேலை. அவர் தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் எட்டு நிமிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "அண்ணா, ஸ்லைட் செஞ்சிட்டேன். கொஞ்சம் வடிவாக்கித் தாங்க" என்று பென் டிரைவை நீட்டினார்.

திறந்து பார்த்தேன். 19 ஸ்லைட். முதலாவதில் சூரிய உதயம், அதன்மேல் "தன்னம்பிக்கை". அடுத்தது "விடாமுயற்சி", அதற்கடுத்தது "இலக்கு", ஒவ்வொன்றின் கீழும் நான்கைந்து வரி. பேச்சை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார், ஸ்லைட்டில் இருந்ததும் அதே பேச்சுதான். மண்டபத்தில் இருப்பவர்கள் வரிகளை அவருக்கு முன்பே வாசித்து முடித்துவிடுவார்கள், பிறகு அவர் அதே வரிக்கு வந்து சேரும் வரை காத்திருப்பார்கள். அதனால் ஒரு ஸ்லைட்டுக்கு ஒரே ஒரு சொல் அல்லது ஒரே ஒரு படம் போதும் என்றேன். அவருக்கும் அது பிடித்தது. வரிகளை எல்லாம் அழித்தார், தலைப்புச் சொல்லை மட்டும் பெரிதாக்கினார், வேலை முடிந்தது என்று நினைத்தார்.

முடியவில்லை. உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

நீளமான சொல்

ஸ்லைட்டில் ஒரு சொல்லை மட்டும் மிகப் பெரிதாகப் போடுவதற்கு ஜப்பானில் ஒரு பெயரே உண்டு, தாகாஹாஷி முறை என்பார்கள். மசாயோஷி தாகாஹாஷி என்ற மென்பொருள் நிரலாளர் படமே இல்லாமல், திரை நிறைய எழுத்து மட்டும் வைத்துப் பேசிய விதம் அது. ஜப்பானிய மொழியில் இரண்டு, மூன்று எழுத்திலேயே ஒரு முழுக் கருத்தைச் சொல்லிவிடலாம், திரையும் நிறைந்துவிடும். தமிழுக்கு அது அப்படியே பொருந்தாது. "தன்னம்பிக்கை" என்று எழுதிப் பாருங்கள். ஒற்றையும், முன்னால் நிற்கிற ஐகாரக் குறியையும் சேர்த்து எட்டு வடிவங்கள் பக்கவாட்டில் வரிசையாக நிற்கின்றன. எங்கள் ஸ்லைட்டில் அந்தச் சொல்லை 100 புள்ளி அளவுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை, இரண்டு ஓரங்களையும் இடித்தது. இரண்டாக உடைத்து "தன்னம்" மேலேயும் "பிக்கை" கீழேயும் வைத்தால் வாசிக்கிறவர் ஒரு கணம் தடுமாறுகிறார். அந்த ஒரு கணம் பேச்சாளருடையது, ஸ்லைட் அதைத் திருடக் கூடாது.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. தமிழில் அறிவுரைச் சொற்கள்தான் நீளமானவை. நம்பிக்கை, முயற்சி, முன்னேற்றம், வெற்றிக்கனி. கையில் தொடுகிற, வாயில் புழங்குகிற சொற்கள் பெரும்பாலும் குட்டையானவை: கூடை, படி, மழை, கை, லயம். பெரிய எழுத்துக்கு இடம் தேடப் போனால் மொழியே நம்மைப் பொருள்களின் பக்கம் தள்ளுகிறது. அது நல்லதுக்குத்தான். "தன்னம்பிக்கை" என்ற சொல்லை அந்தப் பிள்ளைகள் பாடசாலைச் சுவரில் ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள்.

எனவே கணினியை மூடிவிட்டு, "தங்கச்சி, நீங்க எனக்குக் கதையைச் சொல்லுங்க. எழுதினதை வாசிக்க வேணாம்" என்றேன். பிளேன் டீ வரவழைத்துக் கேட்டேன். குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. மறுநாள் காலை கடையைத் திறந்ததும், அவர் சொன்னதில் என் மனதில் தங்கியிருந்த சொற்களை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். 18, பேர், அரை, மணம், விரல். அவ்வளவுதான். "இலக்கு" அதில் இல்லை.

"பேர்"

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம் வேண்டும். கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. அதை எடுத்தால் அன்றைக்கு "பேர்" விழும், அதாவது முழு நாள் சம்பளம் பதிவாகும். எடுக்காவிட்டால் "அரைப் பேர்". இந்தத் தாதியின் அம்மா வேலை செய்த தோட்டத்தில் அப்போது 18 கிலோ. மகளுக்குக் காய்ச்சல் என்று தோட்ட டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போய், மலைக்குத் தாமதமாக ஏறிய ஒரு நாளில் அம்மாவால் 11 கிலோதான் எடுக்க முடிந்தது. மாலையில் அப்பா வழக்கம்போலக் கேட்டார்: "பேர் விழுந்துச்சா?" அம்மா, "அரை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பல வருடங்கள் கழித்துத் தாதியர் பயிற்சிக்குத் தெரிவானவர்களின் பட்டியல் வந்த நாளில், வாசிக்கத் தெரியாத அந்த அம்மா மகளிடம் கேட்ட கேள்வியும் அதேதான்: "பேர் விழுந்துச்சா?"

இதைக் கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பேச்சின் ஸ்லைட் இதுதான் என்று. "பேர்" என்ற ஒரே ஸ்லைட், இரண்டு தடவை. எழுத்து, அளவு, இடம் எதுவும் மாறக் கூடாது. முதல் தடவை அதன் பொருள் ஒரு நாள் கூலி. இரண்டாவது தடவை ஒரு பெண்ணின் பெயர். மாறுவது பேச்சில் மட்டும்.

அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. "ஸ்கூல் பிள்ளைகள் முன்னால 'பெயர்'னு சரியா எழுத வேணாமா அண்ணா?" நியாயமான கேள்வி. ஆனால் "பெயர்" என்று எழுதினால் கூலி என்ற பொருள் செத்துவிடும், தோட்டத்தில் யாருக்கும் "பெயர்" விழுவதில்லை. ஸ்லைட்டில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது என்றால் அது வாயில் வருகிறபடிதான் இருக்க வேண்டும். எழுத்து வடிவமும் கைகொடுத்தது. மூன்றே வடிவம், கீழே இறங்கும் உகரக் குறி எதுவும் இல்லை. 220 புள்ளி அளவில் திரை நிறைய நின்றது.

ஒரு சின்ன விஷயம். பவர்பொயின்ட் எழுத்தைச் செங்குத்தாக நடுவில் வைக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் மையின் நடுவைப் பார்ப்பதில்லை. மேலே இகரக் குறிக்கும் கீழே ஊகாரச் சுழிக்கும் விட்ட இடத்தையும் சேர்த்து ஒரு பெட்டியாக அளக்கிறது. அந்தக் குறிகள் இல்லாத சொல் அதனால் நடுவை விட்டு மேலேயோ கீழேயோ விலகித் தெரியும். சின்ன எழுத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், 220 புள்ளியில் உறுத்தும். அம்புக்குறிச் சாவியால் கண் அளவுக்கு நகர்த்தினேன். இரண்டு "பேர்" ஸ்லைட்டையும் தனித்தனியாகச் செய்யாமல், ஒன்றை நகர்த்தி முடித்த பிறகே பிரதி எடுத்தேன்.

மணமும் மனமும்

தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும்போது எழும் வாசனை பாடசாலை வரைக்கும் வரும் என்று ஒரு இடத்தில் சொல்வார். அதற்கு "மணம்" என்று ஒரு ஸ்லைட் வைத்திருந்தோம். எழுத்துத் தடிமனாக இருந்தால் தூரத்துக்குத் தெரியும் என்று நினைத்து, முக்த மலர் எழுத்துருவின் ஆகத் தடித்த வடிவத்தைப் போட்டேன்.

மண்டபத்தை முதலே போய்ப் பார்த்திருந்தோம். திரை ஏறத்தாழ 2 மீட்டர் அகலம், கடைசி வரிசை அதிலிருந்து 20 மீட்டர். அதாவது திரையின் அகலத்தைப் போல் 10 மடங்கு தூரம். இந்த விகிதம் தெரிந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். என் லெப்டொப் திரை 34 சென்டிமீட்டர் அகலம். அதிலிருந்து 3.4 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தெரிகிற அளவிலேயே நமக்கும் தெரியும். கடைக்கு வந்த ஒருவரை வாசல் பக்கம் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்லைட்டையும் ஒரு வினாடி காட்டி மறைத்து, என்ன வாசித்தீர்கள் என்று கேட்டேன். "பேர்" சரி. "அரை" சரி. மூன்றாவதை "மனம்" என்றார்.

காரணம் இரண்டு. தடித்த வடிவத்தில் "ண"வின் சுழிகளுக்கு உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைபட்டு, மூன்று சுழி இரண்டாகத் தெரிகிறது. அதோடு, தன்னம்பிக்கைப் பேச்சு என்றாலே ஆட்கள் "மனம்" என்ற சொல்லை எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். கண் சந்தேகப்பட்ட இடத்தை எதிர்பார்ப்பு நிரப்பிவிடுகிறது. நடுத்தரத் தடிமனுக்கு இறங்கினேன், சுழிகள் திறந்தன, அடுத்த ஆள் சரியாக வாசித்தார். ஆனாலும் அந்த ஸ்லைட்டை எடுத்துவிட்டோம். வாட்டுக் கொழுந்தின் வாசனை அந்த மண்டபத்தில் எல்லாருடைய மூக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது, அவர் சொன்னால் போதும். எழுத்துகளை மட்டும் நடுத்தரத் தடிமனிலேயே விட்டேன்.

ஒரே ஒரு படம்

அவர் கொண்டுவந்த படங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, பச்சை மலையில் கூடையோடு சிரிக்கும் பெண். தேயிலைப் பெட்டிகளில் நாம் பார்த்துப் பார்த்துச் சலித்த படம், அதில் எங்கள் ஆட்கள் யாரும் தங்கள் அம்மாவைக் காண மாட்டார்கள். மற்றது, விடிகாலைப் பனிமூட்டத்தில் லயம். லெப்டொப்பில் மிக அழகாக இருந்தது. மண்டபத்துப் புரொஜெக்டரில் போட்டுப் பார்த்தபோது திரையில் வெளிறிய சாம்பல் நிறம் மட்டும்தான் இருந்தது.

புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது, வெளிச்சத்தை மட்டும்தான் வீச முடியும். படத்தில் கறுப்பு என்று நாம் காண்பது, வெளிச்சம் விழாத திரைத்துணியின் நிறம். சன்னல்களை மூட முடியாத மண்டபத்தில் அந்தத் துணியே சாம்பலாகத்தான் தெரியும். மூட்டம் என்பது சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையிலான நுட்பம், ஆகவே முதலில் தொலைவது அதுதான். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடலாம் என்று இருந்த எண்ணத்தையும் அன்றைக்கே கைவிட்டேன். வெளிச்சமான மண்டபத்தில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துத்தான் நிற்கும். இருட்டாக்கக்கூடிய மண்டபமாக இருந்தால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது அம்மாவின் விரல்களை. கொழுந்துச் சாறு ஏறி, சுட்டுவிரலும் பெருவிரலும் வெடிப்புகளோடு கறுத்துப்போன விரல்கள். அம்மா முதலில் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாராம். எதற்காக, எங்கே காட்டப்போகிறோம் என்று மகள் விளக்கிச் சொன்ன பிறகுதான் நீட்டினார். லயத்து வாசலில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணிமேல் கையை வைத்து போனிலேயே எடுத்தோம். படம் வட்ஸப்பில் வந்தால் சுருங்கி நுணுக்கம் போய்விடும் என்பதால் வயர் போட்டே மாற்றினேன். இரண்டு விரல் நுனிகள் மட்டும் திரையை நிரப்பும் அளவுக்கு வெட்டினேன். வளையலும் முந்தானையும் போயின. மண்டபத்தை மனதில் வைத்து, படத்தின் நடுத்தர நிழல்களைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினேன். கறுத்த வெடிப்புகளை மட்டும் தொடவில்லை.

எழுத்துரு ஆபத்து

எங்கள் பக்கத்தில் இன்னும் பாதிப் பேர் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள், நானும் நீண்ட காலம் அதில்தான் செய்தேன். அது யுனிகோட் அல்ல, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்பது `mk;kh` என்று வந்து நிற்கும். வரிவரியாக எழுதிய ஸ்லைட் என்றால் சனங்கள் ஏதோ கோளாறு என்று விட்டுவிடுவார்கள். திரை நிறைய ஒரே ஒரு சொல், அதுவும் `mk;kh` என்றால் பேசுகிறவர் எழுந்து நிற்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் யுனிகோடில் தட்டி, PDF ஆகவும் சேமித்தேன். PDF எழுத்து வடிவங்களைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும். ஒரு இழப்பும் உண்டு. பவர்பொயின்ட்டில் `B` சாவியை அழுத்தினால் திரை கறுப்பாகும், `W` அழுத்தினால் வெள்ளையாகும். PDF காட்சியில் அந்த வசதி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. எனவே திரை ஓய்வெடுக்க வேண்டிய இடங்களில் வெறும் வெள்ளை ஸ்லைட்டுகளையே செருகினேன். புரொஜெக்டர் பழைய 4:3 வகை என்பதால் ஸ்லைட்டையும் அதே அளவுக்கு மாற்றினேன். அகலத் திரைக்கான அளவிலேயே விட்டிருந்தால் மேலும் கீழும் பட்டை விழுந்து, உயரத்தில் நான்கில் ஒரு பங்கு வீணாகியிருக்கும்.

கடைசியாக நின்ற வரிசை இது: வெள்ளை, "18", "பேர்", "அரை", விரல் படம், வெள்ளை, "பேர்". எட்டு நிமிடத்துக்கு ஏழு ஸ்லைட், அதில் இரண்டு வெறுமை.

எப்போது அழுத்துவது

ஒத்திகையில் அவர் சொல்லை முதலில் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினார். "அரை" திரையில் வந்துவிட்டால் அம்மாவின் பதிலை எல்லாரும் முன்பே வாசித்துவிடுகிறார்கள், பிறகு அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மாற்றினோம். அப்பா கேட்கும் கேள்வியோடு வாக்கியம் நிற்கும். ஒரு மூச்சு. பிறகு ரிமோட்டை அழுத்துவார், "அரை" வரும், அவர் வாயால் அதைச் சொல்லவே மாட்டார். அம்மாவின் பதிலைத் திரை சொல்லும்.

படத்துக்கு இது பொருந்தாது. படம் வந்த கையோடு அவர் பேசினால் யாரும் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்து முடிந்துவிடும், படத்தை ஆராய நேரம் வேண்டும். ஆகவே படத்தைக் காட்டிவிட்டு மனதுக்குள் நான்கு எண்ணும் வரை பேசாமல் நிற்பது என்று வைத்தோம். மேடையில் நான்கு வினாடி நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். அதை மட்டும் கடையில் பத்துப் பதினைந்து தடவை பழகினார்.

அன்றைக்கு நடந்தது

தகரக் கூரை. அவர் பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடம் மழை பிடித்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன், சில வாக்கியங்கள் எனக்கே கேட்கவில்லை. ஆனால் "பேர்" வந்தபோது முன்னால் இருந்த தாய்மார் தலையாட்டியது தெரிந்தது, "அரை" வந்தபோது அந்த வரிசையே அடங்கியது. கேட்காமல் போன வாக்கியத்தின் முடிவைத் திரையில் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

தவறியது "18". அந்த எண் திரையில் வந்ததும் இடது பக்கம் ஒரு சலசலப்பு. "எங்களுக்கு அவ்வளவு இல்லையே", "எங்க தோட்டத்துல வேற கணக்கு" என்று பேச்சு. தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அந்தக் கிலோக் கணக்கு மாறும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு எண்ணைத் திரை நிறைய வைத்தால் அது கதையில் வரும் ஒரு விவரமாக நிற்பதில்லை, அறிவிப்பாகிவிடுகிறது. சம்பளம் சம்பந்தமான அறிவிப்பு என்றால் எங்கள் சனம் விவாதிக்காமல் விடாது. அரை நிமிடம் போனது. அவர் பொறுமையாக நின்று, "அப்ப எங்க தோட்டத்துல" என்று சேர்த்துக்கொண்டு தொடர்ந்தார். வாயால் சொன்னபோது அந்த எண் யாரையும் உரசவில்லை.

இரண்டாவது "பேர்" வந்தபோது மழை விட்டிருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் அந்தச் சொல்லைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி இறங்கினார். நன்றிக்கு ஸ்லைட் வைக்கவில்லை, "பேர்" அப்படியே திரையில் இருந்தது.

ஓகஸ்டில் வேறொரு பாடசாலையில் அதே பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். "18" ஸ்லைட்டை எடுத்துவிட்டோம். இந்தத் தடவை அம்மாவும் வருகிறார், தன் விரலைத் தன் கண் முன்னாலேயே அவ்வளவு பெரிதாகக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெள்ளை வைத்தேன். அடுத்ததும் வெள்ளைதான். "இரண்டு வெள்ளை அடுத்தடுத்து வருது தங்கச்சி, பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது, ஒன்றை நீக்கிடவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். முதல் வெள்ளைக்கு அழுத்திவிட்டு நான்கு எண்ணுவாராம், பிறகுதான் அடுத்ததற்கு அழுத்துவாராம்.